தோவாளைக் காற்றில் ஒரு பீப் டெஸ்ட்

ஆனி பிறந்துவிட்டால் மேற்கிலிருந்து ஆரல்வாய்மொழிக் கணவாயை நோக்கிப் பாயும் காற்று தோவாளையில் யாரையும் நிம்மதியாக நிற்க விடாது. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் முளைத்ததற்கு அந்தக் காற்றுதான் காரணம். பள்ளிகளுக்கிடையிலான குறுவட்டப் போட்டிகள் பெரும்பாலும் இந்தக் காற்று மாதங்களில்தான் தொடங்குகின்றன. அதற்குச் சற்று முன்னால் பள்ளி மைதானங்களில் அணித் தேர்வு நடக்கும். வாலிபாலோ கால்பந்தோ, நாற்பது பிள்ளைகள் வந்து நிற்க, பன்னிரண்டு பேரையோ பதினெட்டுப் பேரையோ எடுக்க வேண்டிய நிலை.

யாரை எடுப்பது, யாரை விடுவது என்பதில் எப்போதும் மனத்தாங்கல் உண்டு. சார் தன் பழைய மாணவனின் தம்பியை எடுத்துவிட்டார் என்பார்கள்; சங்கத்து ஆள் சொல்லி இன்னொருவன் நுழைந்தான் என்பார்கள். இந்தப் பேச்சுக்கு இடம் கொடுக்காமல் இருக்க உடற்கல்வி ஆசிரியர்கள் கையில் இருக்கும் எளிய கருவிகள் இரண்டு. ஒன்று பீப் டெஸ்ட், மற்றது நின்ற இடத்திலிருந்து மேலே தாவும் வெர்டிக்கல் ஜம்ப். முதலாவது மூச்சின் பலத்தையும் இரண்டாவது காலின் வெடிப்பையும் எண்ணாக மாற்றித் தருகின்றன. எண்ணுக்குச் சொந்தக்காரன் தெரியாது என்பது பெரிய பலம். ஆனால் அந்த எண் எப்படி எடுக்கப்பட்டது, அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பது தெரியாமல் பட்டியல் போட்டால் அநியாயம் இன்னும் அழுத்தமாக நடக்கும். சிபாரிசையாவது எதிர்த்துக் கேட்கலாம். எண்ணை எதிர்த்து ஒரு பத்தாம் வகுப்புப் பையனால் என்ன கேட்க முடியும்?

இருபது மீட்டர், ஒரு சத்தம்

பீப் டெஸ்ட்டை வடிவமைத்தவர் கனடாவின் மான்ட்ரியால் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூக் லெஜே. 1982இல் அவரும் லாம்பெர்ட்டும் முதல் வடிவத்தை வெளியிட்டார்கள். ஒரு நிமிடத்துக்கு ஒரு லெவல் என்று இன்று நாம் அறிந்த வடிவம் 1988இல் வந்தது. இருபது மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடுகள். ஒலிப்பதிவில் பீப் என்று சத்தம் கேட்கும்போது ஓடுகிறவன் எதிர்க்கோட்டை அடைந்திருக்க வேண்டும். அடைந்து, திரும்பி, அடுத்த சத்தத்துக்குள் பழைய கோட்டுக்கு வர வேண்டும். தொடக்க வேகம் மணிக்கு 8.5 கிலோமீட்டர், அதாவது மெதுவோட்டம். ஒவ்வொரு நிமிடமும் அரைக் கிலோமீட்டர் வேகம் கூடும். முதல் லெவலில் ஒரு பக்கம் ஓட எட்டரை வினாடி கிடைக்கும். எட்டாவது லெவலில் ஆறு வினாடிதான். தொடர்ந்து இரண்டு முறை கோட்டை எட்டாமல் போனால் வெளியே வர வேண்டும். கடைசியாக முடித்த லெவலும் ஷட்டிலும்தான் மதிப்பெண்.

லெவல் எட்டில் ஆறு ஷட்டில் முடித்த பதினாறு வயதுப் பையன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். அவன் எட்டிய வேகம் மணிக்கு 12 கிலோமீட்டர். வயதையும் வேகத்தையும் லெஜே தந்த கணக்கில் போட்டால், அவன் உடல் ஒரு கிலோ எடைக்கு ஒரு நிமிடத்தில் சுமார் 47 மில்லிலிட்டர் ஆக்சிஜனைப் பயன்படுத்த வல்லது என்று வரும். ஆய்வுக்கூடத்தில் முகமூடி மாட்டி, ஓட்டப் பட்டையில் ஓடவிட்டு எடுக்க வேண்டிய அளவு இது. ஒரு ஒலிப்பதிவும் நாலு கோனும் இருந்தால் கிராமத்து மைதானத்திலேயே இதை ஏறக்குறைய கணிக்கலாம் என்பதால்தான் இந்தச் சோதனை உலகம் முழுக்கப் பரவியது.

ஏறக்குறைய என்ற சொல்லை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. லெஜேயின் 1988 ஆய்வுப்படி, பிள்ளைகளைப் பொறுத்தவரை இந்தக் கணிப்பின் வழக்கமான பிழை சுமார் 6 மில்லிலிட்டர். நம் பையனின் 47 என்பது உண்மையில் 41ஆகவும் இருக்கலாம், 53ஆகவும் இருக்கலாம். ஒரு லெவல் வித்தியாசம் என்பது இந்த வயதில் மூன்று மில்லிலிட்டர்கூடக் கிடையாது. ஆகவே லெவல் 8இல் நின்றவனுக்கும் லெவல் 9இல் நின்றவனுக்கும் மூச்சுத் திறனில் நிஜமான ஏற்றத்தாழ்வு இருக்கிறதா என்பதை இந்த ஒரு ஓட்டம் உறுதியாகச் சொல்லாது. லெவல் 5இல் நின்றவனையும் லெவல் 10இல் நின்றவனையும் அது தெளிவாகப் பிரித்துக் காட்டும். அருகருகே நிற்கிறவர்களை வரிசைப்படுத்த அது ஏற்பட்ட சோதனை இல்லை. ஆனால் தேர்வில் பன்னிரண்டாவது இடத்துக்கும் பதின்மூன்றாவது இடத்துக்கும் நடுவே கோடு கிழிப்பது பெரும்பாலும் இந்த அருகருகே நிற்கும் பிள்ளைகளுக்கு நடுவில்தான்.

மைதானம் செய்யும் பிழை

லெஜே சொன்ன பிழை சோதனையைச் சரியாக நடத்தினாலும் வருவது. நடத்துவதில் வரும் பிழை அதற்கு மேல்.

இருபது மீட்டரை டேப் பிடித்து அளக்காமல் காலடி வைத்து அளப்பது சாதாரணமாக நடக்கிறது. அரை மீட்டர் கூடிப்போனால் என்ன என்று தோன்றும். லெவல் எட்டில் மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் ஓட வேண்டிய பையன் அப்போது 12.3 வேகத்தில் ஓடிக்கொண்டிருப்பான். அரை லெவலுக்கு மேல் அங்கேயே போய்விட்டது. போன வருடம் சரியாக அளந்த மைதானத்தில் ஓடியவனோடு இவனை ஒப்பிட்டால், ஒரு வருடப் பயிற்சியில் கீழே இறங்கியதாகக் காட்டும்.

தோவாளைக்கென்று தனியாக உள்ள பிரச்சினை காற்று. இருபக்கமும் ஓடுவதால் எதிர்காற்றில் இழந்ததைப் பின்காற்றில் மீட்டுவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது நடக்காது, ஏனென்றால் காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. மணிக்கு 12 கிலோமீட்டரில் ஓடுகிறவனுக்கு எதிரே 20 கிலோமீட்டர் காற்று வந்தால், அவன் நெஞ்சில் மோதுவது 32 கிலோமீட்டர் வேகக் காற்று. திரும்பும்போது முதுகைத் தள்ளுவது வெறும் 8 கிலோமீட்டர் வேகக் காற்று. 32இன் வர்க்கம் 1024. அதிலிருந்து 8இன் வர்க்கமான 64ஐக் கழித்து, போக வர இரண்டுக்குமாகப் பாதியாக்கினால் 480. காற்றே இல்லாத மைதானத்தில் அதே கணக்கு 12இன் வர்க்கமான 144தான். தடை மூன்று மடங்குக்கு மேல் ஆகிவிடுகிறது. ஓட்டத்துக்கு ஆகும் மொத்தச் சக்தியில் காற்றுத் தடையின் பங்கு சிறியதுதான் என்றாலும், மூச்சு முட்டி நிற்கும் கடைசி லெவலில் அந்தச் சிறு பங்கே ஒரு பையனை வெளியேற்றப் போதும். இலேசான உடம்புக்காரப் பிள்ளைகள்தான் இதில் அதிகம் அடிபடுவார்கள்.

இதற்குச் செலவில்லாத வழி இருக்கிறது. மேற்கிலிருந்து காற்று வந்தால் கோன்களைத் தெற்கு வடக்காக வைக்க வேண்டும். அப்போதும் தடை இருக்கும். ஆனால் மேலே சொன்ன கணக்கில் ஏறக்குறைய பாதியாகக் குறையும், இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கும். பள்ளிக் கட்டடத்தின் மறைவில் இருபது மீட்டர் கிடைத்தால் இன்னும் நல்லது. காற்று பெரும்பாலும் அடங்கியிருக்கும் விடியற்காலையிலேயே ஓட்டத்தை முடித்துவிடலாம். மெயின் ரோட்டுப் பக்கத்து மைதானத்தில் செல்போனில் பீப் சத்தத்தைப் போட்டுவிட்டு நிற்பதும் கூடாது. தூரத்துக் கோட்டில் நிற்கிறவனுக்கு அது கேட்பதே இல்லை. முன்னால் ஓடுகிறவனைப் பார்த்துத் திரும்புகிறான். ஸ்பீக்கர் ஒன்று கட்டாயம் வேண்டும். கோட்டுக்கு ஒருவராக இரண்டு பேர் நின்று, கால் கோட்டைத் தொட்டதா என்று பார்க்கவும் வேண்டும். ஒரு முழம் முன்னாலேயே திரும்பிவிடுகிற பையன் கண்ணுக்கு முன்னாலேயே ஒரு லெவலைத் திருடிக்கொண்டு போவான்.

இன்னொன்றை ஆசிரியர்கள் மறந்துவிடுகிறார்கள். பள்ளிகளில் நடக்கும் ஃபிட் இந்தியா உடல்தகுதி மதிப்பீட்டில் மூச்சுத் திறனைப் பார்க்க 600 மீட்டர் ஓட்டம்தான் வைத்திருக்கிறார்கள். பீப் டெஸ்ட்டைப் பல பிள்ளைகள் முதன்முதலாகப் பார்ப்பதே அணித் தேர்வு நாளன்றுதான். முதல் முறை ஓடுகிறவன் ஆரம்ப லெவல்களில் சத்தத்துக்கு முன்பே கோட்டில் போய் நின்று, வேகத்தை அடக்கத் தெரியாமல் கால் சோர்ந்து, தன் தகுதிக்குக் கீழே முடிக்கிறான். தேர்வுக்கு ஒரு வாரம் முன்னால் எல்லோரையும் ஒருமுறை ஓடவிட்டால் இந்தக் குறை நீங்கிவிடும். தோவாளைச் சுற்றுவட்டாரத்தில் பூப்பறித்துச் சந்தைக்கு அனுப்பும் குடும்பங்கள் இருக்கின்றன. இருட்டிலேயே எழுந்து தோட்டத்தில் நின்றுவிட்டு ஒன்பது மணிக்கு ஓட வருகிற பிள்ளை இருந்தால், அவனிடமோ அவளிடமோ அதைக் கேட்டு, வேறொரு நாள் ஓடவிடுவது சலுகை ஆகாது. சோதிக்க வந்தது அவர்கள் மூச்சை, தூக்கத்தை அல்ல.

சுவரில் இரண்டு கோடு

வெர்டிக்கல் ஜம்ப் பழைய சோதனை. அமெரிக்காவின் ஹார்வர்டில் உடற்பயிற்சி கற்பித்த டட்லி சார்ஜென்ட் 1921இல் இதை எழுதி வெளியிட்டதால் சார்ஜென்ட் ஜம்ப் என்றும் சொல்வார்கள். சுவர் ஓரமாகப் பக்கவாட்டில் நின்று, சுண்ணாம்பு தடவிய விரலால் எட்டும் உயரத்தில் ஒரு குறி. பிறகு ஓடாமல் நின்ற இடத்திலிருந்தே குனிந்து, கையை வீசித் தாவி, உச்சியில் இன்னொரு குறி. இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரம்தான் தாவல். மூன்று முறை தாவி, அதிகமானதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

தவறு பெரும்பாலும் முதல் குறியில்தான் நடக்கிறது. தோளைத் தளர்த்தி, முழங்கையைச் சற்று மடக்கிக் கையை உயர்த்தினால் அந்தக் குறி நாலைந்து சென்டிமீட்டர் தாழ்ந்து விழும். தாவாமலேயே அந்த நாலைந்து சென்டிமீட்டர் கணக்கில் ஏறிவிடும். பிள்ளைகள் இதை ஒருவரைப் பார்த்து ஒருவர் சீக்கிரமே கற்றுக்கொள்கிறார்கள். ஆகவே குதிகால் தரையில் பதிந்திருக்கிறதா, தோள் முழுவதும் மேலே தள்ளப்பட்டிருக்கிறதா என்று ஆசிரியரே பிடித்துப் பார்க்க வேண்டும். தேர்வு நாளில் எடுத்த எட்டும் உயரத்தைப் பழைய பதிவோடு ஒப்பிடுவது நல்ல சோதனை. வளரும் பிள்ளைக்கு அது ஏறலாமே தவிர இறங்காது. இறங்கியிருந்தால் தோள் மடங்கியிருக்கிறது.

இப்போது சிலர் செல்போனில் ஸ்லோ மோஷன் வீடியோ எடுத்து, கால் தரையில் இல்லாத நேரத்தை வைத்து உயரம் கணக்கிடுகிறார்கள். 0.60 வினாடி காற்றில் இருந்தால் தாவல் 44 சென்டிமீட்டர். கணக்கு சரியானது, ஒரு நிபந்தனையோடு: எந்த நிலையில் எழும்பினானோ அதே நேரான காலோடு இறங்க வேண்டும். முழங்காலை மடக்கி இறங்கினால் தரையைத் தொடுவது தாமதமாகும். வெறும் 0.03 வினாடி தாமதித்தால் தாவல் 44இலிருந்து 48 சென்டிமீட்டரைத் தாண்டிவிடும். வீடியோவில் இறங்கும் கணத்தில் முழங்கால் மடங்கியிருந்தால் அந்த முயற்சியைத் தள்ளிவிட வேண்டியதுதான்.

இரண்டு சோதனையையும் ஒரே நாளில் வைத்தால் தாவல்தான் முதலில் வர வேண்டும். பீப் டெஸ்ட் ஒருவனை முடியாமல் நிற்கும்வரை ஓடவைப்பது. அதற்குப் பிறகு தாவச் சொன்னால் யார் அதிகம் தாவுவான் என்பதற்குப் பதிலாக யார் குறைவாகக் களைத்தான் என்றுதான் தெரியும். மைதானம் காலியாக இருக்கிறது, முதலில் ஓட்டத்தை முடித்துவிடலாம் என்று வசதி பார்க்கும் இடங்களில் இந்தப் பிழை சத்தமில்லாமல் நடந்துவிடுகிறது.

52 பெரிதா, 46 பெரிதா?

அளவு சரியாகவே எடுக்கப்பட்டது என்று வைத்துக்கொண்டு ஒரு வாலிபால் தேர்வைப் பார்ப்போம். இரண்டு பையன்கள், இருவருக்கும் பதினாறு வயது, இடம் ஒன்று. முதலாமவன் நின்றபடி எட்டுவது 220 சென்டிமீட்டர், தாவித் தொடுவது 272. தாவல் 52. இரண்டாமவன் நெட்டை. நின்றபடி 235 எட்டுகிறான், தாவி 281 தொடுகிறான். தாவல் 46. தாவலை மட்டும் பார்த்து வரிசை போட்டால் முதலாமவன் உள்ளே, இரண்டாமவன் வெளியே.

ஆண்கள் வலையின் உயரம் 243 சென்டிமீட்டர். வலையோரம் பிளாக் போட நிற்கிறவனின் விரல் எவ்வளவு உயரத்தில் வருகிறது என்பதுதான் எதிர் அட்டாக்கருக்குக் கவலை. அவன் தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் எழும்பினான் என்பது பந்துக்குத் தெரியாது. இரண்டாமவனின் விரல் ஒன்பது சென்டிமீட்டர் மேலே இருக்கிறது. நடுவில் பிளாக் போட ஆள் தேடினால் அவனைத்தான் எடுக்க வேண்டும். பின்வரிசையில் பந்தை எடுத்துக்கொடுக்கும் லிபரோவைத் தேடினால் இந்த இரண்டு எண்ணும் தேவையே இல்லை. அதே சமயம் முதலாமவனின் 52 வீணான எண்ணும் அல்ல. உயரம் இன்னும் வளரக்கூடிய வயது. அந்தக் காலோடு கையும் நீண்டால் இரண்டு வருடத்தில் இவனே அணியின் அட்டாக்கர். ஆகவே தாவல், தாவித் தொடும் உயரம் என்ற இரண்டையும் தனித்தனியே எழுதிவைக்க வேண்டும். முதலாவது பயிற்சி கொடுக்க, இரண்டாவது இந்த வருட அணியை எடுக்க.

பீப் டெஸ்ட் இங்கே எவ்வளவு பேச வேண்டும்? வாலிபாலில் ஒரு பாயிண்ட் சில வினாடிகளில் முடிந்துவிடுகிறது. அடுத்த சர்வீஸ் வரை மூச்சு வாங்க நேரம் இருக்கிறது. ஐந்தாவது செட்டிலும் கால் தளராமல் இருக்க ஓரளவு மூச்சு பலம் வேண்டும். அதற்கு மேல் உள்ள லெவல் பாயிண்ட் ஆகாது. ஆகவே வாலிபாலுக்கு பீப் டெஸ்ட் ஒரு வாசற்படி. அதைத் தாண்டியவர்கள் எல்லோரும் சமம், அதற்குள் யார் முதல், யார் கடைசி என்று பார்க்கக் கூடாது. தொண்ணூறு நிமிடம் ஓட வேண்டிய கால்பந்தில் அதே எண்ணுக்கு மதிப்பு கூடும். இந்தியன் சூப்பர் லீக் வரை போன மைக்கேல் சூசைராஜைத் தந்த இரவிப்புத்தன்துறை மாதிரிக் கடற்கரை ஊர்களில் கால்பந்துத் தேர்வு நடந்தால் மிட்ஃபீல்டருக்கு பீப் டெஸ்ட்டையும், கோல்கீப்பருக்குத் தாவித் தொடும் உயரத்தையும் பார்க்கலாம். எல்லோருக்கும் எல்லாவற்றையும் கூட்டி மொத்த மதிப்பெண் போடுவதுதான் தவறு. அந்தக் கூட்டல், கோல்கீப்பரின் மூச்சை மிட்ஃபீல்டரின் மூச்சோடு போட்டியிட வைத்துவிடுகிறது.

16.1 என்ற எண்

இந்தச் சோதனைகளை நம் வீட்டுப் பேச்சுக்குக் கொண்டுவந்தது கிரிக்கெட். 2017இல் யுவராஜ் சிங்கும் சுரேஷ் ரெய்னாவும் யோ-யோ டெஸ்ட்டில் தேறவில்லை என்று செய்தி வந்தது. 2018 ஜூனில் ஆப்கானிஸ்தானுக்கு எதிரான டெஸ்ட்டுக்கு முன்பு முகமது ஷமி தேறாமல் அணியிலிருந்து விலக்கப்பட்டார். பிறகு தேறி அந்த வருடமே இங்கிலாந்து தொடருக்குப் போனார். 2021இல் இங்கிலாந்துக்கு எதிரான டி20 தொடருக்குத் தேர்வான தமிழ்நாட்டுச் சுழற்பந்து வீச்சாளர் வருண் சக்கரவர்த்தியும் உடல்தகுதித் தேர்வில் தேறாமல் அந்தத் தொடரை இழந்தார்.

2017, 2018இல் பேசப்பட்ட யோ-யோ கட்-ஆஃப் 16.1. இந்த எண்ணைச் செய்தித்தாளில் படித்துவிட்டு, நம் பள்ளிப் பையன்கள் பீப் டெஸ்ட்டில் எட்டைத் தாண்டவில்லையே என்று நொந்துகொள்கிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் வேறு சோதனைகள். யோ-யோவை அமைத்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த யென்ஸ் பாங்ஸ்போ. அதில் நாற்பது மீட்டர் ஓடியதும் பத்து வினாடி ஓய்வு உண்டு. லெவல் எண்ணும் ஒவ்வொன்றாக ஏறாமல் ஐந்திலிருந்து ஒன்பதுக்கும், ஒன்பதிலிருந்து பதினொன்றுக்கும் தாவும். யோ-யோவில் 16.1 என்றால் மொத்தம் ஓடிய தூரம் 1120 மீட்டர். பீப் டெஸ்ட்டில் 16.1 என்றால் இடைவிடாமல் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஓடி, மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் இன்னும் திரும்பிக்கொண்டிருக்க வேண்டும். அது தேர்ந்த நெடுந்தூர ஓட்டக்காரரின் அளவு. எந்தச் சோதனை என்று எழுதாத லெவல் எண் எதற்கும் உதவாது.

வருணின் கதை அந்தத் தொடரோடு நிற்கவில்லை. அதே வருடம் ஜூலையில் இலங்கைக்கு எதிராக இந்தியாவுக்காக ஆடினார். 2025 சாம்பியன்ஸ் டிராஃபியில் துபாயில் நியூஸிலாந்துக்கு எதிராக 42 ரன் கொடுத்து ஐந்து விக்கெட் எடுத்தார். மூன்று ஆட்டங்களில் ஒன்பது விக்கெட். 2021இல் எடுத்த சோதனை பொய் சொன்னது என்று நான் சொல்லவில்லை. அன்று அவரால் எவ்வளவு ஓட முடிந்ததோ அதைத்தான் அது சொன்னது. அவர் விரலில் பந்து எப்படித் திரும்பும் என்று அதனிடம் யாரும் கேட்கவும் இல்லை. நல்ல விஷயம் என்னவென்றால், ஷமிக்கும் வருணுக்கும் கதவு மறுபடி திறந்தது. திரும்ப ஓடிக் காட்டவும், திரும்ப ஆடிக் காட்டவும் வாய்ப்பு இருந்தது.

பதினான்கு வயதுக்குட்பட்டோர் அணியில் தேறாமல் போகும் பிள்ளைக்கு அந்தக் கதவு பெரும்பாலும் திறப்பதில்லை. அந்த வயதில் ஒரே வகுப்பில் மீசை அரும்பியவனும் இருப்பான், குரல் உடையாதவனும் இருப்பான். தாவலும் லெவலும் அப்போது பயிற்சியைவிட உடம்பு முதிர்ந்த கணக்கைத்தான் அதிகம் காட்டும். வருடத் தொடக்கத்தில் பிறந்தவனுக்கு டிசம்பரில் பிறந்தவனைவிடக் கிட்டத்தட்ட ஒரு வருட வளர்ச்சி கூடுதல். பட்டியலில் இருவரும் ஒரே வயது. இந்தப் பிரிவில் சோதனை எண்ணை வைத்து ஒருவரையும் வெளியே அனுப்பக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. எண்ணை எழுதிவைத்து, மூன்று மாதம் கழித்து அதே மைதானத்தில் அதே முறையில் மறுபடி எடுத்து, யார் ஏறியிருக்கிறார்கள் என்று பார்க்கலாம். ஏறுகிறவனிடம்தான் வேலை இருக்கிறது.

உடற்கல்வி ஆசிரியர்களிடமும் தேர்வுக் குழுவினரிடமும் ஒரு வேண்டுகோள். தேர்வு முடிந்ததும் ஒவ்வொரு பிள்ளையின் எட்டும் உயரம், தாவித் தொட்ட உயரம், பீப் லெவல், ஷட்டில், எந்தச் சோதனை, எந்த நேரம், காற்று எப்படி இருந்தது என்பதை ஒரே தாளில் எழுதி அன்றைக்கே பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். அடியில் மறுசோதனைத் தேதியையும் போடுங்கள். பெற்றோர்களே, அந்தத் தாள் ஒட்டப்படவில்லை என்றால் கேளுங்கள். ஒட்டப்பட்டிருந்தால், இருபது மீட்டரை டேப்பில் அளந்தார்களா என்று கேளுங்கள்.